கும்பகோணம் கடப்பா: 90 விநாடிக் காணொளியின் எழுத்துரை, ஷாட் பட்டியல், பி-ரோல் குறிப்புகள்

படப்பிடிப்பு காலை ஏழு மணிக்கு அத்தை வீட்டு அடுக்களையில், கொல்லைப்புற ஜன்னலின் வெளிச்சத்தில் நடைபெறும். காணொளி செங்குத்து வடிவில் (9:16) அமையும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்கு போட நேர்ந்தாலும் படம் சிமிட்டாதிருக்க, 25 பிரேமும் 1/50 ஷட்டரும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஷாட் 1 (0–8 விநாடி). சூடான இட்லியின்மேல் கடப்பா ஊற்றப்படுவது மிக அருகில் தெரிய வேண்டும். இதைக் கடைசியில் எடுத்து முதலில் சேர்க்கிறோம்.
குரல்: "கும்பகோணத்தில் இட்லிக்குச் சாம்பாரை மறக்கவைக்கும் தொட்டுகை இது, கடப்பா."
பி-ரோல்: காவிரிப் படித்துறையின் காலைக் காட்சி, இரண்டு விநாடி மட்டும். கோயில் கோபுரம் வேண்டாம். ஊரைச் சொல்ல எல்லோரும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

ஷாட் 2 (8–22). மேலிருந்து நேராக, வெந்து மசிந்த பாசிப்பருப்பும் கையால் உதிர்த்த உருளைக்கிழங்கும்.
குரல்: "அரை கப் பாசிப்பருப்பைக் குழைய வேகவையுங்கள். இரண்டு உருளைக்கிழங்கை வேகவைத்து, மாவாக்காமல் உதிர்த்துக்கொள்ளுங்கள்."
பி-ரோல்: அத்தையின் விரல்கள் கிழங்கை உதிர்ப்பது.

ஷாட் 3 (22–38). அரைக்கும் பொருள்கள் ஒரே தட்டில்.
குரல்: "அரை மூடித் தேங்காய், ஐந்து பச்சை மிளகாய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா, இரண்டு பல் பூண்டு. நைஸாக அரைத்துவிடுங்கள்."
பி-ரோல்: தேங்காய் துருவும் ஓசை, பின்னணி இசையின்றி.

ஷாட் 4 (38–72). இந்தக் காணொளியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆகையால் இதை மட்டும் இரு கோணங்களில் எடுக்க வேண்டும். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை பொரியும் ஓசைக்காக மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியை அடுப்புக்குப் பக்கவாட்டில் வைக்கவும். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும், சிவக்குமுன், பருப்பும் கிழங்கும் சேர வேண்டும். அதன்பின் அரைத்த விழுதை ஊற்றும் கணத்தில் கேமரா நகரக் கூடாது, ஏனென்றால் வெளிர் மஞ்சள் வெண்ணிறமாக மாறுவதைப் பார்ப்பவர் கண்ணால் கண்டுதான் நம்புவார். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பூட்டிவிட வேண்டும். இல்லையேல் குழம்பு பழுப்பாகத் தெரிந்துவிடும். ஆவி லென்ஸில் படியும், துணி கையில் இருக்கட்டும்.
குரல்: "வெங்காயம் சிவக்கக் கூடாது, மஞ்சள்தூளும் வேண்டாம். விழுது சேர்த்ததும் உப்பிட்டு, தேவையான நீர் விட்டு, பச்சை வாசனை போகும்வரை சிறுதீயில் ஐந்து நிமிடம் கொதித்தால் போதும்."
பி-ரோல்: கொதிக்கும் குமிழிகள் மெல்லசைவில், 50 பிரேமில், ஷட்டர் 1/100.

ஷாட் 5 (72–90). கரண்டியிலிருந்து கடப்பா விழும் பதம்.
குரல்: "அடுப்பை அணைத்தபின் எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லியும். ஆறினால் இறுகும், வெந்நீர் விட்டுத் தளர்த்துங்கள்."
பி-ரோல்: வாழையிலையில் இட்லி, கடப்பா, அத்தை பரிமாறும் கை. அளவுகள் எழுத்தாக இங்கே நான்கு விநாடி நிற்க வேண்டும். நிறுத்திப் படிப்பவர்களுக்காக, எழுத்தை வாழையிலையின் பச்சை மறைக்காதபடி மேற்பகுதியில் வைக்கவும்.