நஸ்ரினாவின் சுயவிவரக் கோப்பில் சேர்க்கவேண்டிய பாராட்டுக் குறிப்புகள்

பெறுநர்: மனிதவள முகாமையாளர்
அனுப்புநர்: செயற்பாட்டு முகாமையாளர், மீன் பதனிடும் நிலையம், திருகோணமலை
திகதி: 2025 ஒக்டோபர் 14
விடயம்: மீன் பெறுகைப் பகுதி எழுதுநர் நஸ்ரினா – வருடாந்தச் செயலாற்றுகை மதிப்பீட்டுக்கான குறிப்புகள்

அன்புடையீர்,

கடந்த வருட மதிப்பீட்டின்போது நஸ்ரினாவின் கோப்பில் என் கையால் எழுதிய ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘கடமையில் ஆர்வமுள்ளவர்’. அதை வைத்துக்கொண்டு சம்பள ஏற்றத்துக்குச் சிபாரிசு செய்ய உங்களால் முடியவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் செய்திருக்கமாட்டேன். அந்த வரி இங்கு வேலை பார்க்கும் எவருக்கும் பொருந்தும், வாசலில் நிற்கும் காவலாளிக்கும் பொருந்தும்.

ஆனால் அதே வருடம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவருக்கு வந்த பாராட்டுகளுக்குக் கணக்கில்லை. இம்முறை பெப்ரவரி முதல் வந்தவற்றைத் தேடி எடுத்து, எழுதியவர்களை ஒவ்வொருவராக அழைத்து, ‘அன்று அவர் சரியாக என்ன செய்தார்?’ என்று கேட்டேன். பதிலைப் பெறுகைப் பதிவேட்டோடும் வெப்பநிலைப் பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நின்றவை மூன்று. அவற்றைப் பாராட்டியவர்களே தம் பெயரில் எழுதி ஒப்பமிட்டிருக்கிறார்கள். குழுவில் முதலில் வந்த வாசகத்தையும் மேலே விட்டிருக்கிறேன், எது எதுவாயிற்று என்று நீங்கள் பார்க்கலாம்.

1

குழுவில் வந்தது: ‘குரங்கு தோற்றது, நஸ்ரினா வென்றார்! சிங்கப் பெண்!’

கோப்புக்கு:

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்ற நாள். முற்பகலில் மின்சாரம் போனபோது, கொட்பே துறைமுகத்திலிருந்து வந்த 1,850 கிலோ சூரை மீன் ஏழு தொகுதிகளாகப் பெறுகைத் தளத்தில் இருந்தது. மின்பிறப்பாக்கி இயங்கியது, ஆனால் டீசல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முகாமையாளர் விடுமுறையில் இருந்தார். நான் ஆய்வுகூடத்தில் இருந்தேன்.

நான் கீழே இறங்கி வருவதற்குள் நஸ்ரினா மூன்று காரியங்களைச் செய்திருந்தார். பெட்டிகளைத் திறந்து தரம் பிரிப்பதை நிறுத்தியிருந்தார். குளிர் அறைக் கதவைத் திறப்பவர் யாராக இருந்தாலும் நேரத்தை எழுதிவிட்டுத் திறக்கவேண்டும் என்று ஒரு தாளை ஒட்டியிருந்தார். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மீனின் நடுச்சதையில் வெப்பமானியைக் குத்தி எடுத்த அளவைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கியிருந்தார். அதன்பின் மாலை வரை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அதைச் செய்தார். அந்தப் பக்கங்களில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை.

இருந்த ஐஸ் எல்லாத் தொகுதிக்கும் போதவில்லை. சமமாகப் பங்கிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எந்தத் தொகுதி நான்கு பாகைக்கு மிக அருகில் நிற்கிறதோ அதற்கு முதலில் என்று நஸ்ரினா பதிவேட்டைக் காட்டினார். அவர் சொன்னபடியே போட்டோம். ஆறு தொகுதிகள் எல்லைக்குள் நின்றன.

ஐந்தாம் தொகுதி, 140 கிலோ, 5.1 பாகை வரை ஏறியது. சிறிது நேரம்தான், விட்டுவிடலாம் என்று தளத்தில் பேச்சு எழுந்தது. சூரை இன மீன் சூட்டில் நின்றால் ஹிஸ்டமின் உருவாகும். ஒருமுறை உருவாகிவிட்டால் உறையவைத்தாலும் சமைத்தாலும் அது அழியாது. பார்வையிலும் மணத்திலும் எதுவும் தெரியாமல் போகலாம். நஸ்ரினா அந்தத் தொகுதிக்குச் சிவப்பு அட்டை கட்டித் தனியாக வைத்தார், பரிசோதனை முடிவு வரும்வரை அதை யாரும் தொடவிடவில்லை. முடிவு நல்லதாகவே வந்தது. ஆனால் இந்தக் குறிப்பை நான் எழுதுவது முடிவு நல்லதாக வந்ததற்காக அல்ல. வராதிருந்தாலும் அன்று அவர் செய்ததுதான் சரி.

– கிருபா, தரப் பரிசோதகர்

2

குழுவில் வந்தது: ‘லொறியைக் காப்பாற்றியதே நஸ்ரினாதான். நன்றி நன்றி!!!’

இதை எழுதியவரிடம் கேட்டபோது, லொறியைக் காப்பாற்றியவர் சாரதி சமிந்த என்று தெரியவந்தது. அவருடைய கோப்புக்குத் தனிக் குறிப்பை இத்துடன் அனுப்புகிறேன். நஸ்ரினாவின் பங்கு வேறு. அது இன்னும் கவனிக்கத்தக்கது என்பது என் எண்ணம். இக்குறிப்பை நானே எழுதுகிறேன்.

கோப்புக்கு:

2025 மே 21 அதிகாலை, ஏற்றுமதிக்கான மீனுடன் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் புறப்பட்ட லொறி கந்தளாயில் தேநீருக்கு நின்றது. அங்கே சாரதி, பெட்டி ஒன்றின் மேலிருந்த படகு இலக்கமும் கையிலிருந்த பொதிப் பட்டியலின் இலக்கமும் வேறாக இருப்பதைக் கண்டு நஸ்ரினாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அப்போது நேரம் 4.50. நஸ்ரினாவின் வேலை நேரம் ஆறு மணிக்குத்தான் தொடங்குகிறது. அவர் கிண்ணியாவில் வீட்டில் இருந்தார்.

5.25க்கு அவர் அலுவலகத்தில் இருந்தார். பெறுகைப் பதிவேடு, படகின் பயணக் குறிப்பேட்டுப் பிரதி, நிறைச் சீட்டு மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பெட்டியில் இருந்த இலக்கம் சரி. பட்டியலில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. எனக்குத் தொலைபேசியில் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: ‘சேர், பிழை என் கையெழுத்தில்தான் இருக்கிறது.’

மற்றைய பதினேழு பெட்டிகளையும் சரிபார்த்து, திருத்திய பட்டியலை என் ஒப்பத்துக்கு 5.50க்குத் தயாராக வைத்தார். லொறி கந்தளாயிலேயே காத்திருந்தது. மோட்டார் சைக்கிளில் பட்டியல் போய்ச் சேர்ந்தது. சரக்கு அன்றைய விமானத்திலேயே போயிற்று.

பிழை விட்டவரைப் பாராட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பட்டியலிலுள்ள மீன் எந்தப் படகு பிடித்தது என்பதை வாங்குபவருக்குக் காட்ட முடியாவிட்டால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியதாகக் கூறி ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனுக்கு விதித்த தடை 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 2016 ஜூனில்தான் நீங்கியது. அந்த மாதங்களில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள் இப்போதும் நம் தளத்தில் நிற்கிறார்கள். ஆகவே பிழையைச் சிறியது என்று நான் சொல்லவரவில்லை. அதை ஒளிக்காமல் முதல் வாக்கியத்திலேயே சொன்னதையும், மறுநாள் முதல் பட்டியலை ஒருவர் எழுத இன்னொருவர் உரக்க வாசித்துச் சரிபார்க்கும் முறையைத் தாமே கேட்டுத் தொடங்கியதையும் பதிவுசெய்கிறேன். அன்று முதல் செப்டெம்பர் முடிவு வரை பட்டியலில் இலக்கப் பிழை எதுவும் பதிவாகவில்லை.

– செயற்பாட்டு முகாமையாளர்

3

குழுவில் வந்தது: ‘எங்கள் டீச்சர் நஸ்ரினா அக்கா வாழ்க’

கோப்புக்கு:

ஜூன் மாதம் மூதூரிலிருந்து இரண்டு பயிலுநர்கள் பொதியிடும் பகுதிக்கு வந்தார்கள். அந்த மாதம் மட்டும் சுட்டித் திருத்தங்கள் பதினொன்று. நான் அவர்களுடைய கவனக்குறைவு என்று நினைத்துக் கண்டித்தேன். நஸ்ரினா இருவருடைய கொப்பிகளையும் வாங்கிப் பார்த்தார். ஒருவர் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறார், மற்றவர் மாதத்தை முன்னே எழுதுகிறார். ஜூலை 6ஆம் திகதி ஒருவருக்கு 6/7, மற்றவருக்கு 7/6. கண்டிப்பால் தீராத பிழை அது.

சுட்டியில் மாதத்தை எழுத்தில் எழுதவேண்டும் என்ற முறையை அவர்தான் முன்வைத்தார். தமிழிலும் சிங்களத்திலும் தொகுதி இலக்கத்தின் விளக்கத்தை ஓர் அட்டையில் எழுதிப் பொதியிடும் மேசைக்கு மேலே ஒட்டினார். இரண்டு வாரம், வேலை தொடங்கும் முதல் கால் மணி நேரம் அவர்களுடன் நின்றார். ஓகஸ்டில் திருத்தங்கள் இரண்டு. இது அவருடைய பகுதி வேலை அல்ல. அவரிடம் யாரும் கேட்கவுமில்லை.

– பொதியிடல் மேற்பார்வையாளர்

கோப்பில் சேர்க்காதவை பற்றி ஒரு சொல். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அவர் கொண்டுவந்த வட்டிலப்பத்துக்குக் குழுவில் வந்த பாராட்டுகள் மட்டும் இருபத்திரண்டு, அதில் ஒன்று என்னுடையது. ‘சிறந்த ஊழியர்’ என்று அன்று நானும் எழுதியிருந்தேன். அதைக் கோப்பில் வைக்க முடியாது. ‘எப்போதும் சிரித்த முகம்’ என்று வந்த நான்கையும் விட்டுவிட்டேன். சிரிக்காத நாளில் அவர் மேல் குறை சொல்ல அது வழி வைக்கும்.

மூன்று குறிப்புகளையும் நஸ்ரினாவுக்கு நேற்று வாசிக்கக் கொடுத்தேன். முதலாவதில் அவர் ஒரு திருத்தம் கேட்டார்: கதவில் ஒட்டிய தாள் தம்முடைய யோசனை அல்ல, குளிர் அறையில் வேலை செய்யும் செல்வராசா அண்ணன் சொன்னது, தாம் எழுதி ஒட்டியது மட்டுமே என்றார். கிருபாவின் குறிப்பை மாற்றாமல் இந்தத் திருத்தத்தை இங்கே பதிந்திருக்கிறேன். செல்வராசாவின் கோப்புக்கு உரிய குறிப்பு வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்கு வரும்.

வெப்பநிலைப் பதிவேட்டின் பெப்ரவரி 9ஆம் திகதிப் பக்கங்கள், மே 21ஆம் திகதியின் இரண்டு பட்டியல்கள், ஜூன் முதல் ஓகஸ்ட் வரையிலான சுட்டித் திருத்தப் பதிவு ஆகியவற்றின் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
செயற்பாட்டு முகாமையாளர்

பிரதி: நஸ்ரினா, மீன் பெறுகைப் பகுதி