அம்மாவுக்கு, பாப்பாவின் இன்றைய நாள்

அம்மா,

8 மணிக்குப் பால் கொடுத்துவிட்டேன். 11 மணிக்கு ஓர் இட்லி, 1 மணிக்குப் பருப்புச் சாதம். வேர்க்கடலை, முழுத் திராட்சை வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தூக்கம்தான் பெரிய விஷயம். 2 மணி வாக்கில் கண்ணைக் கசக்கி, வலது காதைப் பிடித்து இழுப்பாள். அப்போதே தோளில் போட்டுத் தட்டிவிடு. அந்த நேரம் தப்பினால் மாலை வரை அழுகைதான். அவளுடைய பச்சைத் துணி தலையணைக்கு அடியில் இருக்கிறது.

தண்ணீர் வராத நாள் என்பதால் குளியலறையில் வாளிகளை நிரப்பி வைத்திருக்கிறேன். கதவு எப்போதும் தாழிட்டே இருக்கட்டும். அரை வாளித் தண்ணீரும் ஆபத்து, அம்மா.

காய்ச்சல் என்றால் மருந்துக்கு முன் என்னைக் கூப்பிடு. மூச்சுத் திணறினால் உடனே 108. ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்தில்தான்.

உன் சர்க்கரை மாத்திரை ஃபிரிட்ஜ் மேல். நேரத்துக்குச் சாப்பிடு. 7 மணிக்கு வந்துவிடுகிறேன்.