என் நேரம் இனி கலைவாணியின் பொறுப்பில்

திருப்பூர்
24.10.2025

துறைத் தலைவர்கள், ஜாப்வொர்க் யூனிட் நடத்துகிறவர்கள், நூலும் அக்சசரீஸும் தருகிறவர்கள், பையிங் அலுவலக நண்பர்கள், உறவினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். தீபாவளியை நல்லபடியாகக் கொண்டாடியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வருகிற திங்கட்கிழமை, 27ஆம் தேதி முதல், என்னைச் சந்திப்பதற்கும் என்னோடு தொலைபேசியிலோ வீடியோவிலோ பேசுவதற்குமான நேரம் அனைத்தையும் கலைவாணி முடிவு செய்வார். 'குறித்துவைப்பார்' என்று எழுதாமல் 'முடிவு செய்வார்' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நேரம் தருவது, மாற்றுவது, தள்ளிவைப்பது, இந்த வாரம் முடியாது என்று சொல்வது எல்லாம் அவர் கையில். அவர் சொல்வதை நான் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஆறு ஆண்டுகளாக ஷிப்பிங் டாக்குமென்ட் பிரிவில் இருக்கிறார். தூத்துக்குடியில் கன்டெய்னர் எத்தனை மணிக்குள் உள்ளே போக வேண்டும், எந்தத் தாளில் ஒரு எண் தவறினால் எத்தனை நாள் சரக்கு நிற்கும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். கெடு என்றால் என்னவென்று கற்றுத்தர அதைவிட நல்ல பள்ளிக்கூடம் நம் தொழிலில் இல்லை. கோபமாகப் பேசுகிறவரிடமும் குரல் உயராமல் பதில் சொல்வதைப் பல முறை பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். இந்தப் பொறுப்புக்கு வேறு யாரையும் நான் யோசிக்கவே இல்லை.

இந்த மாற்றம் ஏன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இத்தனை ஆண்டுகளும் என் நேரத்தை நானே பார்த்துக்கொண்டேன். சட்டைப் பையில் ஒரு சிறிய டைரி, கையில் போன். யார் அழைத்தாலும் எடுப்பேன், யார் வந்தாலும் பார்ப்பேன் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அப்பா அப்படித்தான் இருந்தார். அவர் காலத்தில் பத்து பவர் டேபிள் இருந்தன. வாசலில் நிற்பவர் யாரென்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். இன்று அப்படி இல்லை.

போன ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, நமக்குத் தையல் ஜாப்வொர்க் செய்து தரும் பெரியவர் ஒருவர் அவிநாசியிலிருந்து வந்து காலை பதினொரு மணிக்கு வரவேற்பறையில் உட்கார்ந்தார். நானே வரச் சொல்லியிருந்த நேரம் அது. அந்த நேரம் பார்த்து ஒரு போன், அது முடிவதற்குள் இன்னொன்று, இடையில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த இரண்டு பேர். இரண்டு மணிக்கு நான் வெளியே வந்தபோது அவர் இல்லை. மறந்துவிட்டேன். அடுத்த வாரம் அவர் யூனிட்டுக்குப் போயிருந்தபோதுதான் தெரிந்தது: நம்மிடம் நின்றிருந்த பில்லைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார். அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தை வீட்டு நகையை அடகு வைத்துப் போட்டிருக்கிறார். "நீங்கள் வேலையாக இருந்தீர்கள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்" என்றார். அவர் குரலில் குறை சொல்லும் தொனிகூட இல்லை. பணத்தை அன்றே கொடுத்தேன். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

அன்றிரவு டைரியை எடுத்து மூன்று மாதத்தைப் புரட்டிப் பார்த்தேன். சத்தமாகக் கேட்டவர்களுக்கும் அடிக்கடி அழைத்தவர்களுக்கும் என் நேரம் போயிருந்தது. அமைதியாகக் காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டித் தள்ளத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அது திறந்திருந்தது.

ஆகவே இனி வரிசையைக் கலைவாணி பார்ப்பார். யார் பெரிய ஆர்டர் தருகிறார் என்பதை மட்டும் வைத்து அந்த வரிசை அமையாது. யாருடைய வேலை எதற்காக நிற்கிறது என்று கேட்டு அதன்படி நேரம் தருவார். அதனால் அழைக்கும்போது விஷயத்தை ஒரு வரியில் அவரிடம் சொல்லிவிடுங்கள். வெளியே சொல்ல முடியாததாக இருந்தால் 'சொந்த விஷயம்' என்றால் போதும், மேற்கொண்டு கேட்க மாட்டார். அவரிடம் சொன்னது அவரைத் தாண்டாது என்பதற்கு நான் பொறுப்பு.

அவரை அலுவலக உள் எண் 12இல் அழைக்கலாம். காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை இருப்பார். அதற்குப் பிறகு அவரை அழைக்காதீர்கள். அவருக்கும் வீடு இருக்கிறது. இரவு ஷிப்டில் அவசரம் என்றால் இதுவரைபோல் ஃபேக்டரி மேனேஜரிடம் சொல்லுங்கள். கலைவாணி விடுப்பில் இருக்கும் நாட்களில் அவருடைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு வரவேற்பில் இருப்பவர் பதில் சொல்வார். நான் சொல்ல மாட்டேன்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழக்கத்தில் பலர் என் கைபேசிக்கே அழைப்பீர்கள். நானும் எடுப்பேன், நலம் விசாரிப்பேன். ஆனால் நேரம் கேட்டால் கலைவாணியிடம்தான் அனுப்புவேன். அவர் 'முடியாது' என்று சொன்னதை நான் 'வாருங்கள்' என்று மாற்றினால், மறுநாளிலிருந்து அவர் சொல்லுக்கு மதிப்பிருக்காது. கல்யாண மண்டபத்திலோ கோயிலிலோ என்னைப் பார்த்து "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வருவதும் இனி சந்திப்பாகாது. நெருங்கிய சொந்தங்களும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். என் மகன்கூட சாம்பிள் பிரிவு விஷயமாக என்னிடம் பேச இரண்டு நாள் முன்பே அவரிடம் சொல்லி வைத்திருக்கிறான்.

வாரம் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காலை பத்து மணி வரை நான் கட்டிங்கிலும் தையல் லைனிலும் செக்கிங்கிலும் இருப்பேன்; அப்போது சந்திப்பு கிடையாது. செவ்வாய், வெள்ளி பிற்பகல்கள் முழுவதும் ஜாப்வொர்க் யூனிட்டுகளுக்கும் சாயப்பட்டறைக்காரர்களுக்கும். அந்த இரண்டு பிற்பகல்களையும் எந்தப் பையருக்காகவும் தொடக் கூடாது என்று கலைவாணியிடம் சொல்லியிருக்கிறேன். மாத முதல் நாட்களில் நூல் விலை பேச வருகிறவர்களுக்கு முன்னுரிமை உண்டு. சனிக்கிழமை பிற்பகல் சம்பள நேரம், வெளியாள் யாருக்கும் இல்லை.

நல்ல பேச்சு ஒன்றை ராகு காலத்தில் தொடங்க வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் தயங்காமல் அவரிடம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வரச் சொல்லிவிட்டார்களே என்று சங்கடத்தோடு வந்து உட்கார வேண்டியதில்லை.

பையிங் அலுவலக நண்பர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். ஜெர்மனி நமக்கு நான்கரை மணி நேரம் பின்னால் போகும், இங்கிலாந்து ஐந்தரை. அமெரிக்காவில் நவம்பர் 2ஆம் தேதிதான் மாற்றுகிறார்கள்; அதுவரை நியூயார்க் ஒன்பதரை மணி நேரம், பிறகு பத்தரை. போன ஆண்டு இதே வாரத்தில் ஜெர்மனி நேரம் காலை பத்து மணி என்பதை நான் வழக்கம்போல நமது ஒன்றரை மணியாகக் கணக்கிட்டுத் திரையின் முன் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, யாரும் வரவில்லை என்று சாயப்பட்டறைக்குக் கிளம்பிவிட்டேன். அவர்கள் சரியாக இரண்டரைக்கு வந்து காத்திருந்தார்கள். ஆர்டர் போகவில்லை, ஆனால் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இனி கலைவாணி அனுப்பும் ஒவ்வொரு அழைப்பிலும் இரண்டு ஊர் நேரமும் சேர்ந்தே இருக்கும். ஏற்கெனவே நீங்கள் என்னிடம் பேசி வைத்திருக்கும் நவம்பர் மாதத்துச் சந்திப்புகளை அவர் திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் அழைத்துச் சரிபார்ப்பார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதியிருக்கிறேன்.

நேரம் கேட்கவே வேண்டாதவையும் உண்டு. தொழிலாளி யாருக்காவது காயம் பட்டாலோ உடல்நிலை சரியில்லை என்றாலோ யாரும் யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது; நான் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் கதவைத் திறந்து உள்ளே வாருங்கள். தீ, பாய்லர், மின்சாரம் சம்பந்தப்பட்ட ஆபத்துகளும் அப்படியே. முன்னறிவிப்பில்லாமல் ஆடிட்டர் வந்தாலும் உடனே சொல்லுங்கள். சம்பளத்தில் குறை இருக்கிறது என்று நினைக்கும் தொழிலாளர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் நேராக என் அறைக்கு வரலாம். இது இதுவரை இருந்தது, இனியும் இருக்கும். சூப்பர்வைசர்கள் இதை லைனில் படித்துக் காட்ட வேண்டும்.

ஐப்பசி பிறந்துவிட்டது, முகூர்த்தங்களும் வரிசையாக வருகின்றன. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் நான் வீட்டில் இருக்கும் நேரத்தைக் கலைவாணியிடம் கேட்டுவிட்டு வாருங்கள். தாம்பூலத்தட்டை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். நானும் என் மனைவியும் நின்று வாங்கிக்கொள்வதுதான் முறை. ஒரே நாளில் நான்கு கல்யாணம் என்றால் எதற்கு எப்போது வந்து சேர முடியும் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். பந்தியில் எனக்காக யாரும் இலை போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. முன்பு இதே அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் பெண்ணிடம், "உன்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும், முதலாளியிடம் கொடு" என்று சிலர் பேசியது என் காதுக்கு வந்திருக்கிறது. அப்போது நான் எதுவும் சொல்லாமல் விட்டது தவறு. கலைவாணியிடம் அப்படி யார் பேசினாலும், அவர் எவ்வளவு பெரிய பையராக இருந்தாலும், எனக்கு எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும், நானே திருப்பி அழைத்துக் கேட்பேன். வயதில் மூத்தவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். 'வாங்க, போங்க' என்று பேசுங்கள்.

புதிய ஏற்பாடு என்பதால் முதல் சில வாரங்களில் ஒன்றிரண்டு நேரம் இடிக்கலாம். அப்படி நடந்தால் அவரிடமே சொல்லுங்கள், சரிசெய்வார். தீபாவளிக்கு முன் என்னிடம் நேரம் கேட்டுக் கிடைக்காமல் போனவர்கள் பதினேழு பேரின் பெயரை நினைவிலிருந்து எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை முதல் அவர்களைத்தான் முதலில் அழைப்பார். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொண்டு 12ஆம் எண்ணுக்கு அழையுங்கள்.

அன்புடன்,
சண்முகசுந்தரம்
நிர்வாக இயக்குநர்