பின்னல்

காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில் அந்த மச்சம். போன வருடம் மிளகளவு. இப்போது சீப்பு பட்டாலே ரத்தம் கசிகிறது. கவிதா கொண்டை போடுவதையே விட்டுவிட்டாள்.

"அசையாதடி," என்று பின்னிக்கொண்டிருந்த மீனாவின் விரல் நின்றது. "இது எப்போலேர்ந்து?"

"சின்ன வயசுலேர்ந்து."

"ஓரமெல்லாம் கடிச்சு வச்ச மாதிரி இருக்கு. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நீலம். பொய் சொல்லாத." ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் போனில் படமெடுத்துக் காட்டினாள். 8 மி.மீ.

தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். சுடவில்லை, சுரண்டவில்லை; அப்படிச் செய்தால் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. மரத்துப்போக ஊசி போட்டு, சுற்றிலும் 2 மி.மீ. தோலோடு முழுசாக வெட்டி பயாப்சிக்கு அனுப்பினார். நாலு தையல்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் தூக்கம் வராது," என்றாள் கவிதா.

"திரும்பி உட்காரு. பாதிப் பின்னல் நிக்குது."