தம்பி வேலை விஷயமா மாமாவுக்கு

மாமா, வணக்கம்.

நேத்து ராத்திரி நீங்க போன்ல கேட்டப்போ "பாக்குறேன் மாமா"ன்னு இழுத்துட்டேன். அது என் தப்பு. நீங்க அதை நம்பி அத்தைகிட்டயும் சொல்லியிருப்பீங்க. அதனாலதான் காலையில முதல் வேலையா இதை எழுதுறேன். எங்க தேயிலை ஃபேக்டரி எலெக்ட்ரீஷியன் வேலைக்குத் தம்பிக்காக நான் தொரைகிட்ட பேச மாட்டேன் மாமா.

விண்ணப்பத்துல சொந்தக்காரர் அல்லாத ரெண்டு பேரோட பேரைத்தான் போடணும், நான் சொந்தம்னு சொல்லி ஒதுங்கியிருக்கலாம். ஆனா தொரைகிட்ட வாயால ஒரு வார்த்தை சொல்றதுக்கு அந்தப் படிவம் குறுக்கே வராதுன்னு உங்களுக்கும் தெரியும். சொல்லாததுக்குக் காரணம் அந்த வேலைதான்.

தம்பி லயத்துல பல்ப் மாட்டுவான், ரேடியோ பிரிச்சு மாட்டுவான், கோயில் திருவிழாவுக்கு லைட் கட்டுவான்னு சொன்னீங்க. வீட்டுக்கு வர்றது 230 வோல்ட். இங்க மோட்டார்களுக்கு வர்றது த்ரீ ஃபேஸ், 400 வோல்ட். கொழுந்து வாட்டுற ஃபேன், ரோலர், ட்ரையர் எல்லாமே அதுலதான் ஓடுது. ராத்திரி ஒரு மணிக்கு வாட்டுற ஃபேன் நின்னா, கொழுந்து சூடேறுறதுக்குள்ள ஓட வைக்கணும். இல்லேன்னா அன்னைக்கு மலையில நின்னு எடுத்த கொழுந்து முழுக்க வீண், கொழும்பு ஏலத்துல அந்தத் தூளுக்கு விலை விழும். அந்த நேரத்துல சுவிட்ச்போர்டு முன்னால தம்பி தனியா நிப்பான். எது ஓடுது, எது ஆஃப்னு தெரியாம கை வெச்சா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. அப்புறம் அத்தை முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

விளம்பரத்துல என்.வி.கியூ. லெவல் 4 சர்டிபிகேட் கேட்டிருக்காங்க, ரெண்டு வருஷ அனுபவமும் கேட்டிருக்காங்க. போன தடவை ஆள் எடுத்தப்போ இன்டர்வியூவுல ஒரு மோட்டாரையும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரையும் காட்டி "வயர் பண்ணு"ன்னு நிக்க வெச்சாங்க. தம்பி படிச்சது உயர்தரத்துல வர்த்தகப் பிரிவு. என் பேச்சுக்காக அவனை உள்ளே கூப்பிட்டு, அந்த மேசை முன்னால கூனிக் குறுகி நிக்க வைக்கிறதுல எனக்கு விருப்பமில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்னால கூட வேலை பாக்குற ஒருத்தரோட மச்சானை ட்ரையர் பக்கம் வேலைக்குச் சேக்கச் சொல்லி நான் பேசினேன். நல்ல பையன்தான். வேலை பிடிக்கல, ரெண்டு மாசத்துல சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். அதுக்கப்புறம் நான் யாரைப் பத்தி வாய் திறந்தாலும் பெரிய டீமேக்கர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்கு இவ்வளவு காலம் ஆச்சு. அந்த மரியாதையைத் தம்பிக்குப் பொருந்துற இடத்துலதான் செலவழிக்கணும் மாமா.

அப்பா இல்லாம நான் உயர்தரம் படிச்ச ரெண்டு வருஷமும் பொகவந்தலாவையில இருந்து நோர்வூட் வழியா ஹட்டனுக்குப் போற பஸ் காசு உங்க சட்டைப் பையிலருந்துதான் வந்துச்சு. நீங்க அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்லை, நேத்தும் சொல்லல. அதனாலதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. சொல்லியிருந்தா ஒரு கோபமாவது வந்திருக்கும்.

தம்பிக்குக் கணக்கு வரும். போன வருஷம் தேர்த் திருவிழா வரவு செலவை அவன் எழுதின நோட்டைப் பாத்தேன், பெரியவங்க எழுதினதைவிடச் சுத்தமா இருந்துச்சு. அந்தப் பக்கம் போக ஏ.ஏ.டி. பரீட்சை இருக்கு, வேலை பாத்துக்கிட்டே படிக்கலாம். இல்லை, கரண்ட் வேலைதான் பிடிக்குதுன்னு அவனே சொன்னா அதுவும் நல்லதுதான். ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்துலயும் நைட்டாவுலயும் என்ன பாடநெறி, எப்போ சேக்குறாங்கன்னு நான் கூட வந்து விசாரிக்கிறேன். முறையாப் படிச்சு சர்டிபிகேட்டோட வந்தா, அன்னைக்கு நானே தொரை பங்களா வாசல்ல போய் நிப்பேன். எங்க ஆபீஸ்ல கிளாக்கர் வேலை ஏதாவது விழுந்தாலும் உடனே சொல்றேன். ஆனா எப்போ விழும்னு சொல்ல முடியாது, அதை நம்பி அவனை வீட்டுல உட்கார வெச்சுடாதீங்க.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். விண்ணப்பம் போட்டா போடட்டும், அது அவன் உரிமை. என் பேரை மட்டும் எங்கேயும் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. காலை பஸ்ஸுல வர்றேன். தம்பியோட ரிசல்ட் ஷீட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்க, உட்கார்ந்து ஒரு நல்ல சுயவிபரக் கோவை எழுதிடுவோம். கோபம் இருந்தா நேர்ல திட்டுங்க மாமா, கேட்டுக்கிறேன். அத்தை சமைக்காம மட்டும் இருந்துடக் கூடாது.

உங்க மருமகன்,
சிவா
தலவாக்கலை