அப்பாவின் ஆபரேஷனுக்கு நான் எழுதிய லீவ் லெட்டர்: ஒரு பக்கம் நான்கு வரியான கதை

அப்பாவுக்கு பைபாஸ் என்று தேதி குறித்துக் கொடுத்த அன்று ராத்திரியே லீவ் லெட்டர் எழுத உட்கார்ந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை, அதுதான் காரணம். காலையில் பார்த்தால் ஃபுல்ஸ்கேப் தாளின் ஒரு பக்கம் ஓரம்கூட மிச்சமில்லாமல் நிரம்பியிருந்தது. அதை அப்படியே கீழே தருகிறேன்.

முதலில் எழுதியது

அனுப்புநர்
மு. செல்வராணி,
இளநிலை உதவியாளர், அ3 இருக்கை,
வட்டாட்சியர் அலுவலகம், திருமங்கலம்.

பெறுநர்
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம், திருமங்கலம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: என் தந்தையின் அறுவை சிகிச்சைக்காக விடுப்பு கோருதல் தொடர்பாக.

வணக்கம். நான் தங்கள் அலுவலகத்தில் கடந்த நான்கு ஆண்டுகளாக இளநிலை உதவியாளராகப் பணிபுரிந்து வருகிறேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இந்த நான்கு ஆண்டுகளில் அவசியமின்றி ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை என்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். சென்ற தை மாதம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது எடுத்த மூன்று நாள் தற்செயல் விடுப்புகூட வேறு வழியில்லாமல் எடுத்ததுதான்.

என் தந்தை திரு. முத்தையா அவர்களுக்கு வயது 67. அவர் உசிலம்பட்டி அருகே எங்கள் சொந்த ஊரில் என் தாயாருடன் வசித்து வருகிறார். கொத்தனாராக நாற்பது வருடம் வேலை பார்த்தவர். ஒருநாளும் காய்ச்சல் என்று படுத்ததில்லை. கடந்த சித்திரை மாதம் மாடியேறும்போது மூச்சு வாங்குவதாகச் சொன்னார். வாயுத் தொல்லை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்துவிட்டோம். அதன்பின் நெஞ்சு வலி வந்து, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்து பார்த்ததில் மூன்று இரத்தக் குழாய்களிலும் அடைப்பு இருப்பதாகவும், ஸ்டென்ட் வைக்க இயலாது, பைபாஸ் அறுவை சிகிச்சைதான் செய்ய வேண்டும் எனவும் மருத்துவர்கள் கூறிவிட்டனர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்பாக இரத்தம் கொடுக்க மூன்று பேரை ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு உடன்பிறந்த ஆண்கள் யாரும் இல்லை. தங்கை திருப்பூரில் இருக்கிறாள், அவளுக்குக் கைக்குழந்தை. என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருத்துவமனையில் எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் தவிப்பார். ஆகவே நான்தான் உடனிருக்க வேண்டிய சூழ்நிலை.

நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியபோது பேருந்து வராததால் என் தந்தை ஏழு கிலோமீட்டர் என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்துக் கொண்டுபோய் விட்டார். இன்று நான் இந்த அலுவலகத்தில் அமர்ந்திருப்பதே அவரால்தான். அவருக்கு ஒரு கஷ்டம் வரும்போது நான் பக்கத்தில் இல்லாவிட்டால் என் மனசாட்சி என்னை மன்னிக்காது.

1434-ஆம் பசலி வருவாய்த் தீர்வாய மனுக்கள் நிலுவையில் இருக்கும் இந்த நேரத்தில் விடுப்பு கேட்பது தவறு என்று நான் அறிவேன். அதற்காக மிகவும் வருந்துகிறேன். மருத்துவமனையில் இருந்தாலும் எந்த நேரத்தில் அழைத்தாலும் அலைபேசியில் பதில் சொல்வேன். தேவைப்பட்டால் மாலை நேரத்தில் வந்துகூட வேலைகளை முடித்துத் தருகிறேன்.

எனவே ஐயா அவர்கள் என் குடும்பச் சூழ்நிலையைக் கருணையுடன் பரிசீலித்து, எனக்கு ஓரிரு வாரங்கள் மருத்துவ விடுப்பு வழங்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வராணி

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எழுதும்போது இரண்டு இடத்தில் அழுதேன். காலையில் அலுவலகத்துக்கு எடுத்துப்போய், அ2 இருக்கையில் இருக்கும் வசந்தா அக்காவிடம் கொடுத்தேன். இருபத்தாறு வருட சர்வீஸ் அவருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். படித்து முடித்ததும் தாளை மேஜையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

அப்புறம் கேட்டார்: "ராணி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் லீவு?"

நான் தாளைப் பார்த்தேன். அதில் தேதியே இல்லை. ஆபரேஷன் தேதிகூட இல்லை.

"சரி, என்ன லீவு?"

"மெடிக்கல் லீவுக்கா."

"அது உன் உடம்புக்கு முடியலைன்னா, டாக்டர் சர்டிபிகேட் வச்சு எடுக்கிறது. அப்பாவுக்கு ஆபரேஷன்னா உனக்கு எப்படி மெடிக்கல் லீவு குடுப்பாங்க? இதை இப்படியே வச்சா குறிப்பு எழுதித் திருப்பி விடுவாங்க. அதுக்குள்ள உனக்கு நாள் ஓடிரும்."

எனக்குத் திக்கென்றது. தற்செயல் விடுப்பு எடுக்கலாமா என்றேன். வருடத்துக்குப் பன்னிரண்டுதான், அதிலும் விடுமுறை நாள்களையும் சேர்த்துத் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் போகக்கூடாது. பைபாஸுக்கு அது காணாது. ஈட்டிய விடுப்புதான் சரி என்றார் அக்கா. என் கணக்கில் எழுபது நாளுக்கு மேல் கிடந்தது, எனக்கே தெரியாமல்.

பிறகு பென்சிலை எடுத்தார். நான்கு வருட சர்வீஸ் பற்றிய பத்திக்கு மேல் கோடு. "இது உன் பணிப்பதிவேட்டிலேயே இருக்கு." மகள் காய்ச்சல் கோடு. "கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லாத." மாலையில் வந்து வேலை பார்ப்பேன் என்ற வரிக்கு இரண்டு கோடு போட்டார், கோபத்தோடு. "ஐசியு வாசல்ல உக்காந்திருக்கிறவ இங்க வந்து ஃபைல் பாக்கப் போறியா? எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு அதையே கேப்பாங்க. லீவு உன் கணக்குல இருக்கிறது. தப்புன்னு ஏன் எழுதுற?" அந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப நேரம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு முன்னாலேயே மன்னிப்பும் கேட்டுவிட வேண்டும் என்று யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதின லீவ் லெட்டர்களிலிருந்தே அது வருகிறது என்று தோன்றுகிறது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்ற வரியை நானே அடித்தேன். அது அம்மாவின் விஷயம். தபால் பதிவு செய்கிறவரிலிருந்து ஆபீசர் வரைக்கும் நாலு பேர் கையில் போகிற காகிதத்தில் அதை ஏன் எழுதினேன் என்று வெட்கமாக இருந்தது.

ரத்தம் பற்றிய வரியில் அக்கா பென்சிலை நிறுத்தினார். "இது லெட்டர்ல வேண்டாம். ஆனா இதைத்தான் நீ முதல்ல எங்ககிட்ட சொல்லியிருக்கணும்." தன் போனை எடுத்து அலுவலகக் குழுவில் அவரே போட்டார்: செல்வராணி அப்பாவுக்கு 18-ஆம் தேதி இதய ஆபரேஷன், ஈடாக ரத்தம் கொடுக்க மூன்று பேர் வேண்டும், எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் ஐந்து பேர் கை தூக்கிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் கிராம நிர்வாக அலுவலர்கள். அவர்களிடம் நான் அதிகம் பேசியதுகூடக் கிடையாது.

சைக்கிள் பத்திதான் கடைசியாக மிஞ்சியது. அக்கா அதன்மேல் கோடு போடவில்லை. தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்து, "இது தாசில்தாருக்கு எழுதினது இல்ல ராணி" என்று மட்டும் சொன்னார்.

கொடுத்தது

அனுப்புநர்
மு. செல்வராணி,
இளநிலை உதவியாளர், அ3 இருக்கை,
வட்டாட்சியர் அலுவலகம், திருமங்கலம்.

பெறுநர்
வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம், திருமங்கலம்.

ஐயா,

பொருள்: ஈட்டிய விடுப்பு, 16.06.2025 முதல் 27.06.2025 வரை 12 நாட்கள், கோருதல் தொடர்பாக.

என் தந்தை திரு. முத்தையா (வயது 67) அவர்களுக்கு 18.06.2025 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது (மருத்துவமனைச் சீட்டின் நகல் இணைப்பு 1).

உடனிருந்து கவனிக்க எனக்கு மேற்படி 12 நாட்கள் ஈட்டிய விடுப்பும், 14, 15 மற்றும் 28, 29 ஆகிய விடுமுறை நாட்களை முன்னும் பின்னும் இணைத்துக்கொள்ளவும் தலைமையிடம் விட்டுச் செல்லவும் அனுமதியும் வழங்கக் கோருகிறேன்.

அ3 இருக்கைப் பணியை அ2 உதவியாளர் திருமதி வசந்தா அவர்கள் கவனிக்க இசைந்துள்ளார். நிலுவையிலுள்ள மனுக்களின் பட்டியல் இணைப்பு 2-இல் உள்ளது.

30.06.2025 முற்பகல் பணியில் சேர்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வராணி
10.06.2025

இணைப்பு 2-ஐத் தயாரிக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது. எந்த மனு எந்தக் குறுவட்டம், யாரிடம் அறிக்கை கேட்டிருக்கிறது, எது அவசரம் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். முதல் லெட்டரில் மூன்று வரி மன்னிப்புக் கேட்டிருந்தேனே, அந்த இடத்தில் இந்தப் பட்டியல் வந்தது. துணை வட்டாட்சியர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டார். தாசில்தார் ஜீப்பில் ஏறப் போகிற நேரம்; நின்றபடியே படித்தார். பட்டியலைப் புரட்டி ஒரே ஒரு மனுவைப் பற்றி மட்டும் கேட்டார், சொன்னேன். பேனாவை எடுத்தவர், "எந்த வார்டும்மா?" என்றார். அதையும் சொன்னேன். கையெழுத்தாகிவிட்டது.

18-ஆம் தேதி காலையில் உள்ளே போன அப்பா சாயங்காலம்தான் வெளியே வந்தார். காலிலிருந்து ரத்தக் குழாய் எடுத்து நெஞ்சில் வைத்திருந்தார்கள். வார்டுக்கு மாற்றிய பிறகு, இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொள்ளச் சொன்னார் நர்ஸ். நாற்பது வருடம் செங்கல் தூக்கின கை. தலையணையைப் பிடிக்கத் தெரியாமல் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு இருமலுக்கும் நானும் சேர்ந்து பிடித்துக்கொண்டேன். அந்தப் பன்னிரண்டு நாளில் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வசந்தா அக்கா மட்டும் கூப்பிடுவார், "சாப்பிட்டாரா?" என்று.

28-ஆம் தேதி ஊருக்குக் கூட்டிப் போனோம். தங்கை கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். சைக்கிள் பத்தி இருக்கிற அந்தப் பழைய தாள் ஆஞ்சியோ ரிப்போர்ட் கவருக்குள்ளேயே இருந்தது. மாத்திரைச் சீட்டைத் தேடும்போது அப்பா அதை எடுத்து, "இது என்னம்மா?" என்றார். படித்துக் காட்டினேன்.

"ஏழு கிலோமீட்டர் இல்லம்மா," என்றார். "ஒன்பது."