பொருள்: ஜாப் ஒர்க் ஒப்பந்தம், பிரிவு 7 (பில், பணம், பிடித்தம்): நாங்கள் கேட்கும் திருத்தங்கள்

18 நவம்பர் 2025

சண்முகம் சாருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன். வாய்ப்பேச்சிலும் ஒரு டி.சி.யிலும் வேலை ஓடும் ஊரில், எங்களைப் போன்ற 22 மிஷின் யூனிட்டோடு எழுத்தில் ஒப்பந்தம் போட முன்வந்ததற்கு முதலில் நன்றி. மற்ற பிரிவுகளில் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. சாம்பிள் அப்ரூவல், ஊசி பதிவேடு, வேலை நேரம், சைல்டு லேபர் விதிகள் எல்லாம் இப்போதே எங்கள் யூனிட்டில் நடக்கிறவைதான். பிரிவு 7 மட்டும் இப்படியே இருந்தால் என்னால் கையெழுத்துப் போட முடியாது. எந்த வரியை ஏன் மாற்றச் சொல்கிறேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். எம்.டி.யிடமும் உங்கள் ஆடிட்டரிடமும் இந்த மெயிலை அப்படியே காட்டலாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எங்கள் தையலில் வரும் நஷ்டத்தை நாங்கள் ஏற்கிறோம். உங்கள் பையர் எப்போது பணம் தருவார், என்ன தள்ளுபடி கேட்பார் என்பதை எங்கள் தலையில் வைக்காதீர்கள்.

7.1 பணம் தரும் நாள்

இப்போது இருப்பது: "ஜாப் ஒர்க் கட்டணம், சம்பந்தப்பட்ட ஆர்டருக்கான தொகை வெளிநாட்டு வாங்குநரிடமிருந்து கம்பெனிக்கு வந்து சேர்ந்த 30 நாட்களுக்குள் வழங்கப்படும்."

நான் கேட்பது: "தைத்த பீஸ்களும் பில்லும் கம்பெனியில் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கட்டணம் வழங்கப்படும். குறை இருந்தால் ஒப்படைத்த 15 நாட்களுக்குள் கம்பெனி எழுத்தில் தெரிவிக்கும். குறை சொல்லப்பட்ட பீஸ்களுக்கான தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாம். மீதித் தொகை அதே 30 நாட்களுக்குள் வழங்கப்படும்."

இதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம்.

நீங்கள் பேசிய போலோ ஆர்டரையே எடுத்துக்கொள்வோம். 4,800 பீஸ், பீஸுக்கு 42 ரூபாய், மொத்தம் 2,01,600. நாங்கள் தைத்துக் கொடுத்த பிறகு உங்களிடம் செக்கிங், அயர்னிங், பேக்கிங் நடக்க வேண்டும். சரக்கு தூத்துக்குடி போய்க் கப்பல் ஏற வேண்டும். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்; 2023 கடைசியில் செங்கடலைத் தவிர்த்துக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோது அதுவும் இன்னும் பத்துப் பதினைந்து நாள் கூடியது. அப்புறம் பையருக்கு நீங்கள் கொடுத்திருக்கும் கிரெடிட் 60 நாள். அதற்கும் மேல் இந்த 30 நாள். எல்லாம் ஒழுங்காக நடந்தால்கூட எங்கள் கைக்குப் பணம் வர நான்கு மாதம் தாண்டிவிடும்.

எங்கள் யூனிட்டில் 30 பேர். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுத்தாக வேண்டும். வாரத்துக்கு சுமார் 1,30,000 ரூபாய். நான்கு மாதம் என்றால் பதினேழு சனிக்கிழமை, 22 லட்சம். அந்தப் பணம் என்னிடம் இல்லை சார். வெளியே வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கும். இதில் கரண்ட் பில்லும் வாடகையும் சேர்க்கவில்லை. இந்த ஒரு பில்லுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி 10,080 ரூபாயையும், நீங்கள் பணம் தந்தாலும் தராவிட்டாலும், நான் அடுத்த மாதமே கட்டியாக வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. எங்கள் யூனிட் உத்யம் பதிவில் குறு நிறுவனம், சான்றிதழை இணைத்திருக்கிறேன். 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, இரு தரப்பும் எழுத்தில் என்ன நாள் பேசிக்கொண்டாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கணக்காகும். என் வரியில் இருக்கும் 15 நாள் அங்கிருந்துதான் வந்தது. பையர் பணம் தரவில்லை என்பது அந்தச் சட்டத்தில் காரணமாக நிற்காது.

உங்கள் ஆடிட்டர் இன்னொன்றையும் சொல்வார். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று 2023 நிதிச் சட்டம் சேர்த்த பிரிவு 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவைத் தாண்டிப் பணம் கொடுத்தால், எந்த வருடம் உண்மையில் கொடுத்தீர்களோ அந்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். ஜனவரி, பிப்ரவரியில் நாங்கள் தைத்த சரக்குக்கு ஜூனில் பணம் கொடுத்தால், மார்ச் கணக்கில் அந்தத் தொகை உங்கள் லாபமாக நின்று அதற்கு வரி கட்ட வேண்டி வரும். ஆக இந்த மாற்றம் உங்களுக்கும் பாதுகாப்புதான்.

30 நாள் கஷ்டம் என்றால் சொல்லுங்கள், 45 வரை வருகிறேன். ஆனால் கணக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதில் மட்டும் என்னால் இறங்க முடியாது.

7.2 பிடித்தம்

இப்போது இருப்பது: "தரக்குறைவு, தாமதம் அல்லது வாங்குநர் விதிக்கும் எந்தக் கழிவுக்கும் உரிய தொகையை, கம்பெனி எப்போது வேண்டுமானாலும் யூனிட்டின் கட்டணத்தில் பிடித்தம் செய்யலாம்."

நான் கேட்பது: "யூனிட்டின் தையல் குறையால் நிராகரிக்கப்பட்ட பீஸ்களுக்கு மட்டும் பிடித்தம் செய்யலாம். அந்த பீஸ்களை யூனிட்டுக்குக் காட்டி, ஆல்ட்டர் செய்ய 3 வேலை நாட்கள் கொடுக்க வேண்டும். ஆல்ட்டர் செய்ய முடியாத பீஸ்களுக்கு அவற்றின் தையல் கட்டணமும் துணியின் அடக்க விலையும் பிடித்தமாகும். சரக்கு ஒப்படைத்த 45 நாட்களுக்குப் பிறகு பிடித்தம் இல்லை. துணி, டையிங், பிரிண்டிங் குறைகளும், கட் பீஸ் அல்லது ஆக்சஸரீஸ் தாமதமாக வந்ததால் ஏற்படும் தாமதமும், வாங்குநர் கேட்கும் விலைத் தள்ளுபடியும் பிடித்தத்தில் சேராது."

"எந்தக் கழிவுக்கும்", "எப்போது வேண்டுமானாலும்" என்ற இரண்டு சொற்கள்தான் என்னைப் பயமுறுத்துகின்றன. சில வருடங்களுக்கு முன் வேறொரு இடத்துக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். சரக்கு போய் நான்கு மாதம் கழித்து டெபிட் நோட் வந்தது. ஷேட் வேரியேஷன் என்று எழுதியிருந்தது. காலர் ஒரு நிறம், பாடி ஒரு நிறம். அது டையிங்கில் வந்த குறை, நீங்கள் கொடுத்த துணியைத்தான் நாங்கள் தைத்தோம் என்று எவ்வளவோ சொன்னேன். பார்க்க ஒரு பீஸ்கூட அவர்களிடம் இல்லை. பில்லில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த தீபாவளிக்கு போனஸ் கொடுக்க நகையை அடகு வைத்தேன். உங்கள் கம்பெனி அப்படிச் செய்யும் என்று சொல்லவில்லை. இந்த வரி இருந்தால் யாரும் அப்படிச் செய்ய முடியும், அதனால்தான் சொல்கிறேன்.

தள்ளுபடியைத் தனியாகக் குறிப்பிட்டதற்கும் காரணம் இருக்கிறது. ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு பையர்கள் விலை குறைக்கச் சொல்லி நெருக்குவது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தச் சுமை உங்களுக்குப் பெரியது, புரிகிறது. ஆனால் இந்த வரிப்படி அதையும் "கழிவு" என்று எங்கள் பில்லில் எழுதிவிடலாம். 42 ரூபாயில் அதைத் தாங்க இடமில்லை.

தரத்தை அளக்கவும் ஒரு அளவு வேண்டும். உங்கள் பையர் ஏ.க்யூ.எல். 2.5 கேட்கிறார். 4,800 பீஸ் லாட்டில், நார்மல் இன்ஸ்பெக்ஷன் லெவல் 2-இல், 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். 10 மேஜர் டிபெக்ட் வரை பாஸ், 11 வந்தால் பெயில். பையரே பாஸ் செய்த லாட்டுக்கு எங்களிடம் தரக்குறைவு என்று பிடிப்பது நியாயம் இல்லை. ஆகவே "வாங்குநரின் ஆய்வில் பாஸ் ஆன லாட்டுக்குத் தரப் பிடித்தம் இல்லை" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். பெயில் ஆகி, காரணம் எங்கள் தையல் என்றால், மொத்த லாட்டையும் எங்கள் ஆட்களை வைத்து எங்கள் செலவில் ரீசெக் செய்து தருகிறோம். இது உங்கள் ஒப்பந்தத்தில் இல்லை, நானாகச் சேர்க்கிறேன்.

துணி விலையையும் ஏற்றுக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தையல்காரர் கெடுத்த துணிக்குக் கம்பெனி எதற்கு நஷ்டப்பட வேண்டும்? அதில் எனக்கு மறுப்பே இல்லை.

7.3 எண்ணிக்கைக் குறைவு

"டி.சி. எண்ணிக்கையில் குறையும் ஒவ்வொரு பீஸுக்கும் எப்.ஓ.பி. விலை" என்பதை, "ஒரு சதவீதத்துக்கு மேல் குறையும் பீஸ்களுக்குத் துணி மற்றும் ஆக்சஸரீஸ் அடக்க விலை" என்று மாற்றக் கேட்கிறேன். எப்.ஓ.பி. விலையில் உங்கள் பேக்கிங், துறைமுகம் வரையிலான போக்குவரத்து, லாபம் எல்லாம் இருக்கின்றன. தைக்காத பீஸுக்கு அவை செலவாகவில்லை. கட் பண்டில் வந்த 24 மணி நேரத்துக்குள் எண்ணி, குறைந்தால் வாட்ஸப்பில் போட்டோவோடு சொல்லிவிடுகிறோம். அதற்குள் சொல்லாவிட்டால் டி.சி. எண்ணிக்கையே சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

7.4 டிடிஎஸ் பற்றியது. சரி, மாற்றம் இல்லை.

7.5 வட்டி

"தாமதத்துக்கு யூனிட் எந்த வட்டியும் கோராது" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த வரி இருந்தும் பயனில்லை. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி என்று அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. வேறு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் அதுதான் செல்லும். நான் வட்டி கேட்டு உங்கள் வாசலில் நிற்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது சனிக்கிழமைக் கூலிக்குப் பணம். இரண்டு மூன்று நாள் முன்பின் ஆனால் ஒரு போன் போதும், இதுவரை நம் பழக்கமும் அப்படித்தான். ஆனால் கேட்கவே மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

இந்த மாற்றங்களை உங்கள் டாக்குமெண்டிலேயே போட்டு இணைத்திருக்கிறேன். எடுத்ததைச் சிவப்பில் அடித்தும், சேர்த்ததைப் பச்சையிலும் காட்டியிருக்கிறேன். வேறு எந்த வரியையும் தொடவில்லை.

வியாழக்கிழமை காலை 11 மணிக்கு மேல் ஆபீஸுக்கு வரட்டுமா? ஆடிட்டரும் இருந்தால் 7.1-ஐ அங்கேயே பேசி முடித்துவிடலாம். போலோ கட்டிங் திங்கட்கிழமை வரும் என்றீர்கள். ஓவர்லாக்கிலும் பிளாட்லாக்கிலும் உட்கார ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்குள் கையெழுத்தாகிவிட்டால் அன்றே நூல் கலர் மேட்ச் செய்து வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
சு. கோகிலா
உரிமையாளர், தையல் யூனிட்
15 வேலம்பாளையம், திருப்பூர்

இணைப்பு: திருத்திய ஒப்பந்தம் (பிரிவு 7), உத்யம் சான்றிதழ்